வௌவால் தின்ற இலுப்பைப்பூ, யானை தின்ற விளாம்பழம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில காடும் இல்லை, யானையும் இல்லை. வௌவாலும் யானையும் இருவாட்சிப் பறவையும் மரங்களின்ர மகரந்தத்தையும் விதையையும் கொண்டுபோற கதையெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?

யானை இப்போது குடாநாட்டில் இல்லைதான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். அத்தோடு எங்களுக்கும் யானைக்கும் இருந்த பழக்கம் கோயில் யானையோடு நின்றுவிட்டது. ஆனால் வௌவால் எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. கோயில் வீதி இலுப்பையிலும் குளக்கரை மருதிலும் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை பிடிக்கிற பெரிய பழந்தின்னி வௌவாலைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு.

யானையையும் இருவாட்சியையும் பார்க்க ஆனையிறவைத் தாண்டவேண்டும். மாங்குளம், ஒட்டுசுட்டான், மடுப் பக்கக் காடுகள்தான் எங்களுக்கு மிகக் கிட்டிய பெருங்காடுகள். வைகாசி ஆனியில் சந்தைக்கு வருகிற பாலைப்பழமும், பழைய வீடுகளின் நிலையிலும் வளையிலும் இருக்கிற பாலையும் முதிரையும் அங்கிருந்து வந்தவை. அந்தப் பாலையை அங்கே யாரும் நட்டு வளர்க்கவில்லை.

கீழே வருகிற பதில்களுக்கு நடுவில் ஒரே நூல்தான் ஓடுகிறது: விதையின் பருமன் எவ்வளவு, அது எந்த வாய்க்குள் போகும், அந்த வாய் அதை எங்கே கொண்டுபோய் விடும்.

வௌவால் இலுப்பைப் பூவைத் தின்னுது எண்டு சொல்லுறியள். தின்ட பூவில பிறகு எப்பிடிக் காய் வரும்?

வௌவால் தின்பது பூவில் காய்க்கிற பகுதியை அல்ல. அதைப் புரிந்துகொள்ள ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. விடியப்புறம் இலுப்பையடிக்குப் போனால் நிலமெல்லாம் வெளிர்மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். ஒன்றை எடுத்து நசுக்கினால் கை பிசுபிசுக்கும். தடிப்பான, சாறு நிறைந்த, இனிப்பான சிறு குடுவை அது. பூவென்று நாங்கள் பொறுக்குவது உண்மையில் இதழ்க்குழாய் மட்டுந்தான். அதைப் பிரித்தால் உட்சுவரில் மகரந்தக் கேசரங்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். நடுவில் சூலகம் இருக்காது, ஒரு துளைதான் இருக்கும். சூலகமும் நீண்ட சூல்தண்டும் மேலே, பழுப்பு மயிர் மூடிய புல்லிக்குள், கிளையிலேயே நிற்கின்றன.

இந்தப் பூ மலரும் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. இதழ் விரிவதற்கு முன்னமே சூல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனி அப்போதே மகரந்தத்தை வாங்கத் தயாராகிவிடும். அதே பூவின் மகரந்தப் பைகள் வெடிப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே முதலில் வருகிற மகரந்தம் வேறு பூவிலிருந்துதான் வரவேண்டும், கூடுமானால் வேறு மரத்திலிருந்து. இருட்டியதும் வௌவால் கொத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். முகத்தைக் கொத்துக்குள் விட்டு இதழ்க்குழாயை வாயால் கவ்வி இழுக்கும். இழுக்கிறபோது நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டுகள் அதன் முகத்திலும் கழுத்து மயிரிலும் உரசும். முந்திய பூக்களில் பட்ட மகரந்தம் சூல்தண்டின் நுனியில் ஒட்டிவிடும். இதழ் கழன்று வாய்க்குள் போகும், சூலகம் காயமில்லாமல் கிளையில் நிற்கும்.

இந்த வேலையைத் தேனீயும் கொஞ்சம் செய்யலாம். ஆனால் பூ இரவில் பழுக்கிற வாசத்தோடு விரிந்து விடியமுன் உதிர்கிற வகையைச் சேர்ந்தது. நிறமும் வெளிறல். பகலில் வருகிறவர்களுக்காக அமைந்த பூவாக அது தெரியவில்லை.

அது வௌவாலாலதான் காய்க்குது எண்டு என்னெண்டு நிச்சயமாச் சொல்லுறது? காத்தாலயும் இருக்கலாம்தானே?

நியாயமான சந்தேகம். ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அவர்கள் செய்கிற முறையைக் கையெட்டும் கிளையுள்ள ஒரு இலுப்பையில் பாடசாலைப் பிள்ளைகளாலும் செய்ய முடியும்.

மொட்டாக இருக்கும்போதே கொத்துகளை நாலு கூட்டமாகப் பிரித்து நிற நூல் கட்டிக்கொள்ளுங்கள். முதற் கூட்டத்தை அப்படியே விடுங்கள். இரண்டாவதை நுளம்பு வலைத்துணிப் பையால் இரவும் பகலும் மூடிவிடுங்கள். மூன்றாவதைப் பகலில் மூடி இரவில் திறவுங்கள். நாலாவதை இரவில் மூடிப் பகலில் திறவுங்கள். பூ முழுவதும் முடிந்தபின் பைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று கிழமை கழித்து ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பூவுக்கு எத்தனை பிஞ்சு நின்றது என்று எண்ணுங்கள்.

இரவில் திறந்த கூட்டம் முதற் கூட்டத்துக்குக் கிட்ட வந்து, பகலில் திறந்த கூட்டம் மூடியதோடு ஒத்துப்போனால் விடை தெரிந்துவிடும். மூடிய கொத்தும் கொஞ்சம் காய்க்கலாம். அது தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கிற திறன், அதைக் கழித்துத்தான் பார்க்கவேண்டும். வலைக்குப் பதில் பொலித்தீன் பையைக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூ அழுகிக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். இரவில் வருவது வௌவாலா விட்டிலா என்று பிரிக்க வேண்டுமென்றால், விட்டில் நுழையக்கூடிய, வௌவால் நுழைய முடியாத அகலக் கண்ணுள்ள வலையால் இன்னொரு கூட்டத்தை மூடுங்கள்.

அப்ப மாமரம், வாழை, பனை எல்லாத்துக்கும் வௌவால் வேணுமோ?

வேண்டாம். இதில் சிலர் ஆர்வத்தில் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். மாம்பூவில் வேலை செய்வது பெரும்பாலும் ஈயும் சிறு பூச்சிகளும். பனையிலும் பூச்சிகளுக்குத்தான் முக்கிய பங்கு. ஆல், அத்தி, அரசு ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே சிறு குளவி இருக்கிறது. காட்டு வாழையின் பூவுக்கு வௌவால் வரும், ஆனால் எங்கள் கப்பலும் இதரையும் விதையில்லாமல் பழுப்பவை, அவற்றுக்கு மகரந்தமே தேவையில்லை. வௌவாலை நம்பியிருப்பவை என்று சொல்லத்தக்கவை இலுப்பை, இலவு போன்ற இரவுப்பூ மரங்கள். நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கிற பெருக்க மரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. அதன் பெரிய வெள்ளைப் பூ பொழுதுபடத் தொங்கியபடி விரிந்து ஒரே இரவில் வாடும். அதன் சொந்த நிலத்திலும் அதைத் தேடி வருவது பழந்தின்னி வௌவால்தான்.

யானைக்கும் இருவாட்சிக்கும் மகரந்த வேலையில் சொல்லக்கூடிய பங்கில்லை. அவை விதைக்காரர்.

சரி, இலுப்பை விதையையும் வௌவாலே கொண்டுபோகுதோ? அவ்வளவு பெரிய கொட்டையை அது விழுங்காதே.

விழுங்காது. வௌவாலின் தொண்டைக்குள் போகிற விதை சில மில்லிமீற்றர்தான். அதற்குமேல் பெரிதானால் அது வேறு முறையில் கையாளும்.

பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்து, தின்பதற்குத் தோதான வேறொரு மரத்துக்குப் போகும். காய்த்த மரத்திலேயே இருந்தால் மற்ற வௌவால்கள் பறிக்க வருவதால் சண்டை. போன இடத்தில் தொங்கிக்கொண்டு சதையைக் கடித்து, நாக்கால் அண்ணத்தோடு அழுத்திச் சாற்றை உறிஞ்சும். மிஞ்சிய சக்கையை உருண்டையாகத் துப்பும். கொட்டையைக் கீழே போட்டுவிடும். புன்னைக் கொட்டையும் இப்படித்தான் போகிறது. உங்கள் முற்றத்து மாமரத்தின் கீழே, பக்கத்தில் புன்னை இல்லாத இடத்தில், சதை சுரண்டிய புன்னைக்கொட்டையும் காய்ந்த சக்கை உருண்டைகளும் கிடந்தால், மேலே ஒரு தீன்கிளை இருக்கிறது என்று அர்த்தம். சக்கை உருண்டையில் பல் அழுத்திய வரிகள்கூடத் தெரியும்.

இப்படிப் போகிற பெரிய கொட்டை பெரும்பாலும் சில பத்து மீற்றரிலிருந்து சில நூறு மீற்றர்வரைதான் போகும். சின்ன விதையின் கதை வேறு.

பனையில ஆல் முளைக்கிறது இந்தச் சின்ன விதைக் கதையோ?

அதேதான். வடமராட்சியிலும் தீவகத்திலும் பனையைக் கட்டிப்பிடித்த ஆல் எத்தனையோ நிற்கிறது. ஆலம்பழத்து விதை கடுகிலும் சிறியது. வௌவாலும் காகமும் குயிலும் மைனாவும் அதைப் பழத்தோடு சேர்த்து விழுங்கிவிடும். வௌவாலின் குடல் வேகமானது, தின்றது பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடும். அந்த எச்சம் பனை மட்டையின் அடிக்கவட்டில் விழுந்தால், அங்கே சேர்ந்திருக்கும் உக்கலிலும் மாரி ஈரத்திலும் விதை பிடித்துக்கொள்ளும். நிலத்தில் விழுந்திருந்தால் ஆடும் மாடும் விட்டிருக்காது. உயரத்தில் பாதுகாப்பாக முளைத்து, வேரை மெல்ல மெல்லப் பனையோடு கீழே இறக்கி, நிலத்தைத் தொட்டபிறகு வேகமாகப் பெருக்கும்.

பறவைக்கும் வௌவாலுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பறவை பெரும்பாலும் கிளையில் இருந்துதான் எச்சமிடும், ஆகவே அது கொண்டுபோகும் விதை இன்னொரு மரத்தடியில் அல்லது மரத்தின்மேல் விழும். வௌவால் பறக்கும்போதே கழிக்கும். மரமே இல்லாத வெட்டைக்கும் கைவிட்ட வயலுக்கும் விதை போய்ச் சேர்வதற்கு அது பெரிய காரணம். பெரிய பழந்தின்னி ஒரே இரவில் பல பத்துக் கிலோமீற்றர் பறக்கக்கூடியது, கடல்நீரேரி அதற்குத் தடையில்லை.

எங்கட மாம்பழத்தை எல்லாம் கடிச்சுக் கொட்டுது. வலை போட்டால் பாவமோ?

பாவமில்லை, ஆனால் வலையைப் பார்த்துப் போடுங்கள். மீன்வலை, நைலோன் நூல்வலை இரண்டும் கூடாது. செட்டை சிக்கினால் கிழிந்து, இரவு முழுவதும் கத்திச் சாகும். சிறு விரல்கூட நுழையாத கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டுங்கள், தொய்ய விடாதீர்கள். நாலைந்து மரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, முற்றிய காயை ஒவ்வொன்றாகக் கடுதாசிப் பையால் மூடுவது இன்னும் மலிவு.

வௌவால் கடித்த பழத்தைக் கழுவிக்கூடத் தின்ன வேண்டாம். பங்களாதேசத்தில் நிபா வைரஸ் மனிதருக்குத் தொற்றிய முக்கிய வழிகளில் ஒன்று, வௌவால் நக்கிய பச்சை ஈச்சஞ்சாறு. எங்கள் சீவல்காரரும் முட்டிக்கு வௌவால் வருவதை அறிவார்கள். அங்கே சீவிய இடத்தையும் முட்டி வாயையும் மூங்கில் தட்டியால் மறைத்துக் கட்டுகிறார்கள். எளிய வழி, இங்கேயும் செய்யலாம்.

இருவாட்சிப் பொம்பிளை தன்னைத்தானே பொந்துக்குள்ள வைச்சுப் பூசிக்கொள்ளுமாம். மெய்யோ?

மெய். வன்னியிலும் வில்பத்திலும் காணக்கூடிய பெரிய கறுப்பு வெள்ளை இருவாட்சியின் பெண், முதிய மரத்துப் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சதையையும் கொண்டு வாசலைப் பூசி மூடும். அலகு நுழையுமளவு ஒரு நீளக் கீறல்தான் மிஞ்சும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்த்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம். அவ்வளவு காலமும் ஆண் வெளியேயிருந்து ஊட்டும்.

விதைக் கதை அந்த ஊட்டலில்தான் இருக்கிறது. ஆண் பழங்களைத் தொண்டைக்குள் நிறைத்துக்கொண்டு வந்து, கூட்டு வாசலில் ஒவ்வொன்றாகக் கக்கி அலகு நுனியில் பிடித்துக் கொடுக்கும். இருவாட்சிக்குப் பல்லுமில்லை, விதையை உடைக்கிற வயிறுமில்லை. பழத்தை முழுதாக விழுங்கி, சதை கழன்றதும் பெரிய விதையைச் சுத்தமாகக் கக்கிவிடும். சின்ன விதை எச்சத்தோடு போகும். பாலைப்பழத்து விதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கறுத்துப் பளபளத்த கொட்டை. அது இருவாட்சிக்கு எளிது. மனிதரைக் கொல்லக்கூடிய நஞ்சு விதையுள்ள எட்டிப்பழத்தைக்கூட அது தின்கிறது. விதை உடையாமல் வெளியே வருவதால் நஞ்சு அதற்குள்ளேயே கிடக்கிறது.

காட்டில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பருமனுள்ள பழத்தை முழுதாக விழுங்கிக்கொண்டு கிலோமீற்றர் கணக்கில் பறக்கிற பறவை வேறு அதிகமில்லை. கொண்டைக்குருவியின் வாய்க்கு அது கொள்ளாது. குரங்கு கன்னப்பையில் அடக்கிப் பக்கத்திலேயே துப்பும். கரடி பாலைப்பழத்தில் பைத்தியம், விதையும் அதன் மலத்தோடு போகும், ஆனால் வன்னியில் கரடியும் அருகிக்கொண்டு வருகிறது.

அப்ப கூட்டுக்குக் கீழதான் எல்லா விதையும் குவியுமே. அதால காட்டுக்கு என்ன பிரயோசனம்?

கேட்க வேண்டிய கேள்வி, பல கட்டுரைகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. கூட்டுக்குக் கீழே குவிகிற விதையால் உண்மையிலேயே பெரிய நன்மை இல்லை. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கொட்டினால் எலியும் முள்ளம்பன்றியும் வாசம் பிடித்து வந்துவிடும். தப்பியது முளைத்தாலும் ஒன்றையொன்று நெருக்கிச் சாகும். கூட்டடியைக் கிளறிப் பார்ப்பது பறவை என்ன தின்கிறது என்று அறிவதற்கு நல்ல வழி. காடு வளர்வதைக் காண அது இடமல்ல.

பயன் வருவது மற்ற ஒன்பது மாதத்தில், அதோடு ஊட்டுகிற காலத்திலும் ஆண் வழியில் தங்குகிற மரங்களில். அப்போது விதைகள் ஒன்றிரண்டாக, தாய்மரத்திலிருந்து தள்ளித் தள்ளி விழும். தள்ளி விழுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை சூழலியலாளர்களான டானியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கொனல் 1971இலும் தனித்தனியே விளக்கினார்கள். தாய்மரத்தடியில் அந்த மரத்துக்கென்றே இருக்கிற வண்டும் பூஞ்சணமும் ஏற்கனவே குடியிருக்கும். அங்கே விழுந்த விதைக்கும் கன்றுக்கும் அவை முதலில் வரும். எட்டி விழுந்தது அவற்றின் கண்ணில் படாமல் தப்பும்.

இருவாட்சிக்குக் காட்டில் பெரிய தட்டுப்பாடு பழமல்ல, பொந்து. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத முதிய மரத்தில்தான் அதன் உடல் கொள்ளும் பொந்து இருக்கும். மரம் வெட்டுகிறவர்கள் முதலில் தேடுவதும் அதே பருமனுள்ள மரத்தைத்தான்.

யானை விளாம்பழத்தை முழுசா விழுங்கி, உள்ள ஒண்டும் இல்லாமக் கோதை முழுசாவே போடும் எண்டு சொல்லுறவையே. உண்மையோ?

பாதி உண்மை. யானை பெரும்பாலும் விளாம்பழத்தைக் கடைவாயில் வைத்து நொறுக்கித்தான் தின்கிறது. சிலவேளை நொறுங்காமல் வழுக்கி உள்ளே போகிற பழம் உருண்டையாகவே இலத்தியில் வருவதுமுண்டு. உள்ளிருந்ததை மட்டும் உறிஞ்சுகிற மாயம் எதுவுமில்லை.

ஆனால் இந்த மரத்துக்கும் யானைக்கும் உள்ள பொருத்தம் மாயத்தைவிட நன்றாக இருக்கிறது. விளாம்பழம் பழுத்தும் கிளையில் நிற்பதில்லை, நிலத்தில் விழும். நிறத்தால் யாரையும் கூப்பிடாது, வாசத்தால் கூப்பிடும். ஓட்டை உடைக்க எங்களுக்கே கல் வேண்டும். பறவைக்கும் வௌவாலுக்கும் அது அடைத்த கதவு. யானைக்கு ஒரு கடி. சதைக்குள் கலந்திருக்கிற விதைகள் சிறியவை, வழுவழுப்பானவை. அரைக்கிற பல்லுக்கிடையில் பெரும்பாலானவை நழுவிவிடும்.

உள்ளே போனபின் நடப்பதைப் பாருங்கள். யானை அசைபோடும் விலங்கல்ல. மாடுபோல விதையை மறுபடி வாய்க்கு எடுத்துக் கடிக்காது. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவு தின்று, அதில் பாதியைக்கூடச் செரிக்காமல் தள்ளிவிடும். விதை குடலில் கிடப்பது பொதுவாக ஒன்று முதல் இரண்டு நாள். அந்த நேரத்தில் யானை தண்ணீருக்கும் மேய்ச்சலுக்குமாக நடந்துகொண்டிருக்கும். ஒரு தடவை வெளியேற்றுகிற இலத்தி ஐந்தாறு பெரிய உருண்டை. நாள் முழுவதும் பதினைந்து தடவைக்கு மேல் போடும். ஆகவே ஒரே மரத்தில் தின்ற விதைகள் பல இடங்களில் பிரிந்து விழுகின்றன, பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றரில், சில ஐந்து கிலோமீற்றருக்கும் அப்பால்.

இலத்தியில விழுந்த எல்லா விதையும் முளைக்குமோ?

இல்லை. கோடையில் போட்ட இலத்தி இரண்டு நாளில் காய்ந்து ஓடாகிவிடும். அதற்குள் அகப்பட்ட விதை மாரிவரை காத்திருக்கவேண்டும், அதற்குள் எலி கிளறும், காட்டுக்கோழி கிண்டும், கறையான் வரும். சாண வண்டுகள் சிறு உருண்டையாக மண்ணுக்குள் புதைக்கிற விதை தப்பிக்கொள்ளும், மிக ஆழமாகப் போகாமலிருந்தால். ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு மழை வந்ததும் பழைய இலத்தி இருந்த இடத்தில் விளாத்தியும் புளியும் நெருக்கமாக முளைத்து நிற்பதைக் காட்டோர வழியில் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டுதான் அடுத்த கோடையைத் தாண்டும்.

இன்னொன்று, வயல் ஓரமாக மின்வேலி போட்டு யானையை ஒரு பக்கத்தில் அடைத்தால் அதன் குடலில் இருக்கிற விதையும் அந்தப் பக்கத்திலேயே அடைபடும். வேலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வன்னியில் பயிரையும் உயிரையும் பறிகொடுத்தவர்களிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேலி எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கும்போது பழமரங்கள் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். குப்பைமேட்டில் மேய்கிற யானையின் இலத்தியில் விதைக்குப் பதில் பொலித்தீன்தான் வருகிறது.

யானை இல்லாட்டி என்ன, மாடும் மானும் அந்த வேலையைச் செய்யாதோ?

கொஞ்சம் செய்யும். மான் நெல்லிக்காயைத் தின்று, ஆறுதலாக அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். மாடு புளியங்கொட்டையைக் கொண்டுபோகும். வேலிக்கரையில் தானாக முளைத்த புளி பலவற்றுக்கு மாடுதான் காரணம். ஆனால் வாய்க்குள் கொள்ளாத, ஓடு உடையாத பழம் மாட்டுக்கு உதவாது. வட வங்காளத்தின் பக்சா காட்டில் பெரிய பழமுள்ள மரங்களை வைத்து ஆராய்ந்தபோது, மாடும் எருமையும் யானையின் இடத்தை முழுதாக நிரப்பவில்லை என்று கண்டார்கள். தின்ற அளவும் குறைவு, கொண்டுபோன தூரமும் குறைவு. எங்கள் மாட்டுக்கு இன்னொரு குறையுமுண்டு. பின்னேரமானால் பட்டிக்கு வந்துவிடும், விதையும் பட்டியில்தான் விழும்.

இந்தச் சீவன்கள் குறைஞ்சால் காடு உடனே அழியுமோ?

உடனே தெரியாது, அதுதான் சிக்கல். பாலை நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் மரம். வௌவாலும் இருவாட்சியும் யானையும் இன்றைக்கே போனாலும் எங்கள் காலத்தில் காடு பச்சையாகத்தான் இருக்கும். வானிலிருந்து எடுத்த படத்தில் வேறுபாடே தெரியாது.

கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும். பழம் பழுத்த மாதத்தில் ஒரு பெரிய மரத்தடிக்குப் போங்கள். பழம் தின்னப்படாமல் அழுகிக் கிடக்கிறதா? கன்றுகள் தாய்மரத்து நிழலுக்குள் மட்டும் கூட்டமாக நின்று, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் இருக்கின்றனவா? இருபது முப்பது மீற்றருக்கு அப்பால் அந்த இனத்தின் கைப்பருமன் மரம் ஒன்றாவது இருக்கிறதா? முதிய மரங்களும் பிஞ்சுக் கன்றுகளும் இருந்து, நடுவயதுக்காரர் இல்லாவிட்டால் எங்கேயோ சங்கிலி அறுந்திருக்கிறது. விதை நகராததுதான் எப்போதும் காரணம் என்றில்லை. ஆடுமாடு மேய்ந்து கன்றைத் தின்றாலும், அடிக்கடி தீ வைத்தாலும் இதே தோற்றம் வரும். வேறுபடுத்த ஒரு வழி: காற்றில் பறக்கிற விதையுள்ள முதிரை நடுவயதில் தாராளமாக நின்று, விலங்கு கொண்டுபோகிற இனங்கள் மட்டும் இல்லையென்றால் சந்தேகம் விலங்கின் பக்கம் போகிறது. எல்லாமே இல்லையென்றால் மேய்ச்சலையோ தீயையோ பாருங்கள்.

கரண்ட் கம்பியில வௌவால் காய்ஞ்சு தொங்குதே, அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாதோ?

பெரிய பழந்தின்னியின் விரித்த செட்டை ஒரு மீற்றருக்கு மேல் நீளும். ஒரு கம்பியில் மட்டும் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கம்பியில் ஒரே நேரத்தில் பட்டதும் செத்துவிடும். பழமரத்துக்குப் பக்கமாகக் கம்பி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகிற இடங்களில்தான் இது கூட நடக்கிறது. கம்பிகளை அகலமாகப் பிரிப்பதும், உறையிட்ட கம்பி போடுவதும் தீர்வு. தாய் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கோடையில் பத்துச் செத்தால் அந்தக் கூட்டம் ஈடுசெய்யப் பல வருடம் எடுக்கும். செத்துக் கிடப்பதையோ காயப்பட்டதையோ வெறுங்கையால் தொடாதீர்கள்.

வளவில ஒரு இலுப்பை வைக்க ஆசை. கன்று வாங்கினால் நல்லதோ, கொட்டை போட்டால் நல்லதோ?

கொட்டை போடுங்கள், ஆனால் சுணங்காமல். இலுப்பை விதை சேமித்து வைக்கிற வகையல்ல. காயவிட்டால் சில கிழமைக்குள் முளைதிறன் போய்விடும். எண்ணெய்க்காகக் காயவைத்துக் கட்டிய கொட்டையில் கன்று எதிர்பார்க்கவேண்டாம். பழம் உதிர்கிற நாளில் வௌவாலின் தீன்கிளைக்குக் கீழே பார்த்தால் சதை நீங்கிய கொட்டை ஆயத்தமாகக் கிடக்கும். கையுறை போட்டுப் பொறுக்கிக் கழுவுங்கள். துளையுள்ளதைத் தள்ளிவிட்டு, பாரமாக இருப்பதை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஆழமான பையில் ஊன்றுங்கள். ஆணிவேர் கெதியாகக் கீழே போகும், கட்டையான பையில் அது சுருண்டுவிடும். முதல் மாரிக்கு நிலத்தில் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டு, ஆட்டுக்குக் கூடு கட்டுங்கள். பூக்கப் பத்து வருடமாவது செல்லும். ஊரில் வேறு இலுப்பை இல்லையென்றால் இரண்டு மூன்றாக வையுங்கள், ஒற்றை மரத்துக்கு வௌவால் வந்தாலும் கொண்டுவர வேறு மகரந்தம் இராது.